இறுதிக் கோரிக்கைக் கடிதம்: தொகையும் தவணை நாளும் அடுத்த நடவடிக்கையும்

குமுளியிலிருந்து மலையிறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. போடிமெட்டிலிருந்து இறங்கினால் போடிநாயக்கனூர். வடக்கே கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கும், வாளையாறிலிருந்து கோயம்புத்தூருக்கும் வழி. இடுக்கி, பாலக்காடு எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ் வணிகர்களுக்கு மாநில எல்லை என்பது நாள்தோறும் கடக்கும் ஒரு சோதனைச் சாவடிதான். சரக்கு ஒருபுறம் இருக்கும்; வாங்குபவர் மறுபுறம் இருப்பார். கடனுக்குச் சரக்கு கொடுப்பதும், விற்று வந்த பின் பணம் பெறுவதும் இங்கு நெடுங்காலப் பழக்கம்.

அப்பழக்கம் நம்பிக்கையால் நடப்பது. ஆயினும் சில சமயம் பணம் வராது. தொலைபேசியில் கேட்டால் "அடுத்த வாரம்" என்பார். நேரில் சென்றால் "கடையில் ஆள் இல்லை" என்பார்கள். ஓராண்டு கடந்துவிடும். அப்போது எழுத வேண்டியதே இறுதிக் கோரிக்கைக் கடிதம். பலர் இதனைச் சினத்தின் வெளிப்பாடாக எழுதுகின்றனர். உண்மையில் இது பின்னொரு நாள் நீதிமன்றத்தில் முதல் ஆவணமாக எடுத்து வைக்கப்படக்கூடிய தாள். ஆகவே அதில் எழுதும் தொகை, நாள், நடவடிக்கை ஆகிய மூன்றும் நாம் கடைசிவரை நிலைநிறுத்தக் கூடியவையாக இருத்தல் வேண்டும். இக்கட்டுரை சொல்ல வருவது இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்திற்காக ஒரு கணக்கை அமைத்துக்கொள்வோம். குமுளியில் ஏலக்காய் வணிகர் ஒருவர். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்திற்கு வெளியே, போடியில் உள்ள ஒரு கடைக்காரருக்கு நேரடியாகக் கடனுக்குச் சரக்கு கொடுத்தார்.

2024 ஆகஸ்ட் 12 அன்று 100 கிலோ, கிலோ 2,000 ரூபாய். 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியுடன் முதல் பில் 2,10,000 ரூபாய். செப்டம்பர் 9 அன்று 60 கிலோ, கிலோ 2,100 ரூபாய். வரியுடன் இரண்டாம் பில் 1,32,300 ரூபாய். இரண்டிலும் "30 நாள் தவணை" என்று எழுதப்பட்டுள்ளது. வட்டி பற்றி எதுவும் இல்லை. முதல் பில்லில் 5 கிலோ ஈரப்பதத்தால் திரும்பி வந்தது. அதற்கு வரியுடன் 10,500 ரூபாய் கழிவுச் சீட்டு கொடுக்கப்பட்டது. நவம்பர் 20 அன்று 1,00,000 ரூபாய் வங்கி வழியாக வந்தது. அதன் பின் ஒன்றும் வரவில்லை.

இனி கடிதத்தின் மூன்று உறுப்புகளையும் இக்கணக்கை வைத்தே பார்ப்போம்.

தொகை: ஒரே எண், அதற்கு ஒரே வழி

"எனக்கு வர வேண்டிய சுமார் மூன்றரை இலட்சத்தை உடனே அனுப்பவும்" என்று எழுதினால் அக்கடிதம் தொடக்கத்திலேயே வலுவிழக்கும். ஏனெனில் வாங்கியவர் "திருப்பிய சரக்கைக் கழிக்கவில்லை, கொடுத்த ஒரு இலட்சத்தைக் கணக்கில் எடுக்கவில்லை" என்று பதில் எழுதிவிடுவார். அதன்பின் பேச்சு, பணம் தர வேண்டுமா என்பதிலிருந்து கணக்கு சரியா என்பதற்கு நழுவிவிடும்.

ஆகவே கடிதத்துடன் கணக்குப் பட்டியல் ஒன்றை இணைக்க வேண்டும். இரண்டு பில்களும் சேர்ந்து 3,42,300 ரூபாய். கழிவுச் சீட்டு 10,500. வரவு 1,00,000. நிலுவை 2,31,800 ரூபாய். கடிதத்தில் எங்கு வந்தாலும் இந்த ஒரே எண்தான் வர வேண்டும். எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. அந்த ஒரு இலட்சம் எந்தப் பில்லுக்கு உரியது? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 இதற்கு வரிசை வகுத்துள்ளது. பணம் செலுத்துபவர் "இன்ன கடனுக்கு" என்று குறிப்பிட்டிருந்தால் அதற்கே வரவு வைக்க வேண்டும். அவர் குறிப்பிடவில்லை எனில் பெறுபவர் தம் விருப்பப்படி ஒரு கடனுக்கு வரவு வைக்கலாம். இருவரும் ஏதும் செய்யாவிடில், காலத்தால் முந்திய கடனுக்குச் செல்லும். எனவே கடிதம் எழுதுமுன் வங்கிக் கணக்கு விவரத்தில் அந்த வரவின் குறிப்பு வரியைப் பாருங்கள். அதில் பில் எண் இல்லையெனில், முதல் பில்லுக்கு வரவு வைத்ததாகக் கணக்குப் பட்டியலில் எழுதிவிடலாம். அப்படியாயின் முதல் பில்லில் 99,500 ரூபாயும், இரண்டாம் பில்லில் 1,32,300 ரூபாயும் நிலுவை.

அடுத்து வட்டி. "ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டியுடன்" என்று எழுதிவிடுவது வழக்கம். வாங்கியவர் ஒப்புக்கொண்ட எழுத்து ஏதும் இல்லாதபோது இக்கோரிக்கை நிற்பது கடினம். கூடவே மற்ற எண்களின் மீதும் ஐயத்தை உண்டாக்கும். ஒப்பந்தம் இல்லாத இடத்தில் வட்டி தருவது நீதிமன்றத்தின் விருப்புரிமை. அங்கே 1978 ஆம் ஆண்டின் வட்டிச் சட்டம் எழுத்துமூல அறிவிப்புக்கு ஒரு தனி மதிப்பை அளிக்கிறது: வட்டி கோரப்படும் என்று எழுத்தில் அறிவித்திருந்தால், அவ்வறிவிப்பில் குறித்த நாளிலிருந்து வட்டி வழங்க அது இடமளிக்கிறது. அதற்கு அளவாக அச்சட்டம் கொள்வது வங்கிகளின் வைப்புத்தொகை வட்டியையே. ஆகவே நிலைவைப்பு வட்டியை ஒட்டி 6 விழுக்காடு என்று நம் வணிகர் எழுதுகிறார். நாளொன்றுக்கு அது ஏறக்குறைய 38 ரூபாய். தொகை சிறிதே, ஆனால் எதிர்த்தரப்பு எளிதில் மறுக்க இயலாதது.

தவணை நாள்: நாட்காட்டியில் உள்ள ஒரு நாள்

"விரைவில்", "ஒரு வாரத்திற்குள்", "கடிதம் கண்ட உடன்" ஆகியவை தவணை ஆகா. கடிதம் என்று கைக்குக் கிடைத்தது என்பதே பின்னர் வழக்காகிவிடும். நாள், மாதம், ஆண்டு, கிழமை ஆகியவற்றுடன் ஒரு நாளைக் குறிப்பிடுங்கள். கடிதம் சேர்வதற்கும், பெற்றவர் கணக்கைச் சரிபார்ப்பதற்கும், பணம் திரட்டுவதற்கும் போதிய இடைவெளி இருத்தல் வேண்டும். நியாயமற்ற குறுந்தவணை, பணம் வேண்டாம் வழக்கே வேண்டும் என்ற தோற்றத்தைத் தரும்.

நம் வணிகர் 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை கடிதம் எழுதுகிறார். பதினைந்து நாள் என்றால் 20 ஆம் நாள். ஆனால் இடையில் பொங்கல். தமிழகத்தில் கடைகளும் அலுவலகங்களும் சில நாள் மூடியிருக்கும். எனவே ஜனவரி 23, வெள்ளிக்கிழமை என்று குறிக்கிறார். கடிதத்திலேயே தம் கணக்கு எண்ணையும் கிளையையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் எழுதுகிறார். "உங்கள் கணக்கு எண் தெரியவில்லை" என்ற காரணம் அத்துடன் நீங்கிவிடும்.

தவணை நாள் இன்னொரு நாளுடன் இணைத்துப் பார்க்கப்பட வேண்டும். அதுதான் காலவரையறை. 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கடனுக்கு விற்ற சரக்கின் விலைக்கு வழக்குத் தொடர, தவணை முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் உண்டு. முதல் பில்லின் 30 நாள் தவணை 2024 செப்டம்பர் 11 இல் முடிந்தது. ஆகவே 2027 செப்டம்பர் 11 அதன் எல்லை. இரண்டாம் பில்லுக்கு 2027 அக்டோபர் 9.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். "நான் மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன், ஆகவே காலம் நீண்டிருக்கும்" என்று எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கடன் கொடுத்தவர் எத்தனை கடிதம் எழுதினாலும் காலம் ஒரு நாளும் நீளாது. கடன்பட்டவர் எழுதிக் கையொப்பமிட்ட ஒப்புதலே அதனை நீட்டும். அதுவும் மூன்று ஆண்டுகள் முடியுமுன் எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்போது ஒப்பமிட்ட நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்கும். இடையில் கொஞ்சம் பணம் வந்தது என்பதும் தனியே போதாது. செலுத்தியவர் தம் கையால் எழுதிய அல்லது கையொப்பமிட்ட குறிப்பு அதற்குத் துணை நிற்க வேண்டும். எனவே இறுதிக் கடிதத்துடன் நிலுவை உறுதிச் சீட்டு ஒன்றையும் இணைத்து, "பணம் முழுவதையும் செலுத்த இயலாவிடில் இதில் ஒப்பமிட்டுத் தவணை கேளுங்கள்" என்று எழுதுவது அறிவுடைமை. ஒப்பமிட்டு வரும் அச்சீட்டு, சில சமயம் பகுதிப் பணத்தைவிட மதிப்புடையது.

அடுத்த நடவடிக்கை: செய்யக் கூடியதை மட்டுமே எழுதுக

"கைது செய்ய வைப்பேன்", "கடைவீதி முழுவதும் சொல்வேன்", "உங்கள் புகைப்படத்தைப் பரப்புவேன்" என்பன போன்ற சொற்கள் கடிதத்தில் இடம்பெறலாகாது. அவை பணத்தைக் கொண்டுவருவதில்லை. எழுதியவர் மீதே மிரட்டல், அவதூறு என்ற புகார்களுக்கு வழிவகுக்கும். அஞ்சலட்டையிலோ, பலர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலோ கடனைப் பற்றி எழுதுவதும் அதே இடரை உடையது. விற்ற சரக்குக்குப் பணம் வராதது இயல்பாக உரிமையியல் வழக்கே.

நம் வணிகருக்கு உள்ள வழிகள் எவை? நிலுவை 3 இலட்சத்திற்குக் குறைவு. ஆகவே அவர் உரிய உரிமையியல் நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குத் தொடரலாம்; அல்லது அதற்கு முன்பே சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடி மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். வணிகத் தகராறின் மதிப்பு 3 இலட்சமோ அதற்கு மேலோ ஆயின் நிலை வேறு. அவசரத் தடையாணை ஏதும் கோராதவர் முதலில் சமரச மையத்திற்குச் செல்ல வேண்டும் என்று வணிக நீதிமன்றங்கள் சட்டம் கூறுகிறது. அது கட்டாயம் என உச்ச நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. அவ்வாறு உள்ள ஒருவர் "தவணை தவறினால் மறுநாளே வழக்கு" என்று எழுதினால், அது அவரால் செய்ய இயலாத செயல். "சமரச மையத்தில் விண்ணப்பிப்பேன்" என்று எழுதுவதே சரி.

எந்த ஊர் நீதிமன்றம் என்பது எல்லைப் பகுதியில் எழும் முதற்கேள்வி. எதிர்த்தரப்பினர் வாழும் அல்லது தொழில் செய்யும் இடத்தில் வழக்குத் தொடரலாம். வழக்கிற்குரிய காரணம் முழுமையாகவோ பகுதியாகவோ நிகழ்ந்த இடத்திலும் தொடரலாம். சரக்கு குமுளியில் ஒப்படைக்கப்பட்டிருந்தால் பீருமேடு வட்டத்திற்குரிய நீதிமன்றத்தை அணுக அடிப்படை உண்டு. போடியிலேயே விலை பேசி, போடியிலேயே சரக்கை இறக்கியிருந்தால் தேனி மாவட்டமே இயல்பான இடம். ஆகவே சரக்கு ஒப்படைத்த இடத்தைக் காட்டும் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். கேரளத்தில் தீர்ப்பு பெற்றாலும், கடைக்காரரின் சொத்து போடியில் இருப்பின், அத்தீர்ப்பு நிறைவேற்றத்திற்காக அங்குள்ள நீதிமன்றத்திற்கு மாற்றப்பட வேண்டும். அதற்கும் காலம் ஆகும் என்பதை எண்ணியே முடிவெடுக்க வேண்டும்.

உற்பத்தியாளர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கஞ்சிக்கோட்டில் சிறு தொழிற்கூடம் நடத்தி, உத்யம் பதிவு பெற்று, கோயம்புத்தூர் நிறுவனத்திற்குப் பொருள் செய்து தருபவர், வாங்குபவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், தாம் இருக்கும் கேரளத்தின் சிறுதொழில் வசதி மன்றத்தில் முறையிடலாம். 2006 ஆம் ஆண்டின் சட்டப்படி, எழுத்தில் ஒப்புக்கொண்ட தவணையும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். ஆனால் 2021 இல் மொத்த, சில்லறை வணிகர்களுக்கு உத்யம் பதிவைத் திறந்துவிட்ட அரசு, அதன் பயனை முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே என வரையறுத்தது. எனவே வாங்கி விற்கும் நம் ஏலக்காய் வணிகர் இவ்வட்டியைக் கடிதத்தில் கோருவது பொருந்தாது.

காசோலை திரும்பியிருந்தால்

வாங்கியவர் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பியிருந்தால், மேற்கண்ட கடிதம் போதாது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138 ஆம் பிரிவுப்படி தனி அறிவிப்பு வேண்டும். அதன் நாட்கள் கண்டிப்பானவை: காசோலை திரும்பியதை வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிப்பு, அது கிடைத்ததிலிருந்து பணம் செலுத்த 15 நாட்கள், செலுத்தாவிடில் அதன்பின் ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் புகார்.

தொகையின் கண்டிப்பு இங்கு இன்னும் கூடுதல். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. காசோலை 1 கோடி ரூபாய்க்கு. அறிவிப்பிலோ 2 கோடி ரூபாய் கோரப்பட்டிருந்தது. தட்டச்சுப் பிழை என்ற விளக்கம் ஏற்கப்படவில்லை. அறிவிப்பே செல்லாது எனக் கூறப்பட்டது. ஆகவே இவ்வகை அறிவிப்பில் காசோலைத் தொகையைத் தனித்துக் கோர வேண்டும். வட்டியும் பிற நிலுவையும் கேட்க விரும்பினால், அவற்றை வேறாகப் பிரித்துக் காட்ட வேண்டும். காசோலை கொடுத்த பின் பகுதிப் பணம் வந்திருந்தால், முழுத் தொகைக்கும் அப்படியே அக்காசோலையைச் செலுத்துவதும் ஆகாது. வந்த தொகையைக் காசோலையில் குறித்த பின்னரே மீதிக்குச் செலுத்த வேண்டும் என 2022 தீர்ப்பு ஒன்று தெளிவாக்கியது.

எல்லையில் உள்ளவர்களுக்கு ஒரு வசதி: 2015 திருத்தத்தின்படி, வசூலுக்காக உங்கள் கணக்கில் செலுத்திய காசோலை திரும்பினால், உங்கள் கணக்கு உள்ள கிளை எந்த நீதிமன்ற எல்லையில் உள்ளதோ அங்கேயே புகார் செய்யலாம். போடிக்காரரின் காசோலைக்குக் குமுளிக் கிளையில் கணக்கு வைத்திருப்பவர் தேனிக்குச் செல்ல வேண்டியதில்லை.

கடிதத்தின் வடிவம்

நம் வணிகர் எழுதிய கடிதம் இது:

"நாள்: 05.01.2026. பொருள்: நிலுவைத் தொகை 2,31,800 ரூபாய் — இறுதிக் கோரிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். 12.08.2024, 09.09.2024 ஆகிய நாட்களில் என்னிடம் தாங்கள் பெற்ற ஏலக்காய்க்கான இரு பில்களின் தொகை 3,42,300 ரூபாய். திருப்பிய சரக்கிற்கான 10,500 ரூபாயும், 20.11.2024 அன்று தாங்கள் செலுத்திய 1,00,000 ரூபாயும் கழிக்கப்பட்டுள்ளன. நிலுவை 2,31,800 ரூபாய் (இரண்டு இலட்சத்து முப்பத்தோராயிரத்து எண்ணூறு ரூபாய்). விரிவான கணக்கு இணைக்கப்பட்டுள்ளது. அதில் பிழை ஏதும் இருப்பின் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இத்தொகை முழுவதையும் 23.01.2026, வெள்ளிக்கிழமைக்குள் கீழே குறித்த வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன். அந்நாளுக்குள் செலுத்தாவிடில், 24.01.2026 முதல் ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி கோரப்படும். ஒரே முறையில் செலுத்த இயலாவிடில், இணைத்துள்ள நிலுவை உறுதிச் சீட்டில் ஒப்பமிட்டு, தாங்கள் செலுத்தக்கூடிய தவணைகளை அதே நாளுக்குள் எழுதி அனுப்பலாம்.

இவ்விரண்டும் நிகழாவிடில், மேலும் நினைவூட்டாமல் ஆவணங்களை வழக்கறிஞரிடம் ஒப்படைத்து, தொகைக்கும் வட்டிக்கும் செலவுக்கும் உரிமையியல் வழக்குத் தொடர்வேன்."

இதில் சினம் இல்லை. பழைய நட்பைக் குறித்த வருத்தமும் இல்லை. படிப்பவர் செய்யக்கூடியவை இரண்டு, செய்யாவிடில் நடப்பது ஒன்று. அவ்வளவே.

அனுப்பும் முறை

பெற்றவரின் கையொப்பம் திரும்பி வரும் வகையில், பதிவுடன் அஞ்சலில் அனுப்புங்கள். ரசீதையும், கடிதத்தின் ஒப்பமிட்ட படியையும் சேர்த்து வையுங்கள். வாங்க மறுத்து உறை திரும்பி வந்தால் அதனைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். சரியான முகவரிக்கு முறையாக அனுப்பிய பதிவு அஞ்சல், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, சேர்ந்ததாகவே கருதப்படும். கேரளத்திலிருந்து சென்ற ஒரு காசோலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007 இல் இதனை உறுதி செய்தது. ஆகவே முகவரி சரியாக இருத்தல் மிக முக்கியம். பில்லில் உள்ள கடை முகவரிக்கும், தெரிந்தால் வீட்டு முகவரிக்கும் ஒவ்வொரு படி அனுப்பலாம். வாட்ஸ்அப்பிலும் ஒரு படி அனுப்பலாம். ஆனால் அதனை மட்டும் நம்ப வேண்டாம்.

பெறுபவர் மலையாளம் மட்டுமே படிப்பவராயின் மலையாளப் படியையும் இணையுங்கள். தொகையும் நாளும் இரு படிகளிலும் ஒன்றே எனச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 23 கடந்துவிட்டால் செய்ய வேண்டியது இன்னொரு "இறுதி"க் கடிதம் எழுதுவதன்று. இரண்டாம் இறுதிக் கடிதம், முதலாவது இறுதியன்று என்பதையே வாங்கியவருக்கு அறிவிக்கும். அடுத்த வேலை நாளான 27 ஆம் நாள், பில்கள், ஒப்படைப்பு ரசீது, வங்கிக் கணக்கு விவரம், அஞ்சல் ரசீது ஆகியவற்றுடன் வழக்கறிஞர் முன் அமர வேண்டும். அங்கு அவர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு, எந்த நாளிலிருந்து?" என்பதாகவே இருக்கும். கடிதம் சரியாக எழுதப்பட்டிருந்தால், விடை அதிலேயே இருக்கும்.